ரோஸ் வாளி ரஞ்சிதா

ரஞ்சிதாவைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற முதல் தகுதி, அவளுடைய தொழிலை ஏறக்குறைய இழுத்து மூடவைத்தவன் நான்தான் என்பது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நாமக்கல் பரமத்தி ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பிரஸ் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கடை போர்டு, விசிட்டிங் கார்டு, ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. ஒரு கார்டு அடிக்கத் தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. இந்தப் பெண்தான் முதலில் எனக்கு அதைப் புரியவைத்தாள். அதுவும் என் கடையில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே.

ரஞ்சிதாவுக்குச் சொந்த ஊர் மோகனூருக்குப் பக்கத்தில். அப்பா கரும்பு வெட்டப் போனவர். இவள் பத்தொன்பது வயதில் ஒரு முட்டைக் கோழிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, பதினோரு வருஷம் அங்கேயே இருந்தாள். பண்ணை என்றால் வெளியே இருப்பவர்களுக்குத் தீவனமும் முட்டையும்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர்தான் பயம். தண்ணீர் கெட்டால் ஒரு ஷெட்டு மொத்தமாகப் படுத்துவிடும். ரஞ்சிதாவின் வேலை அந்தத் தண்ணீர்த் தொட்டிகள். தொட்டியை வடிப்பது, அடிச்சேற்றை அள்ளுவது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுத்து உள்சுவரெல்லாம் பூசுவது, அரைமணி நேரம் விட்டு அலசுவது, கடைசியில் தொட்டி மேல் தேதி எழுதுவது. தேதி எழுதாத தொட்டி கழுவாத தொட்டி என்பது அந்தப் பண்ணையின் சட்டம். இன்னொரு சட்டம் வாளிக்கு. சாணி அள்ள ஒரு நிறம், தரை கழுவ ஒரு நிறம், குடிதண்ணீர்த் தொட்டிக்கு ரோஸ் நிறம். ரோஸ் வாளி வேறு எதிலும் படக்கூடாது.

போன ஐப்பசியில் டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவள், குடித்த தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு நேராக மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறாள். தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே வந்து, கூட்டத்துக்கு நடுவில் சொன்னாளாம்: "ஏனுங்க, எங்க பண்ணையில இந்தத் தண்ணிய வெச்சா கோழி குடிக்காதுங்க."

சாப்பிட உட்கார்ந்தவர்கள் பாதிப்பேர் கையை உதறினார்களாம். வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. ஆனால் மறுநாளே அவர்தான் அவளைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கழுவச் சொன்னார். அங்கே பார்த்துப் பக்கத்தில் ஒரு வீடு, அப்புறம் அவர் மச்சினன் வீடு என்று ஏழு வீடு ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணை லீவில் வந்து கழுவினாள். தை பிறந்ததும் இதையே தொழிலாகச் செய்வதென்று பண்ணையை விட்டு நின்றுவிட்டாள். அவளோடு சேர்ந்து ஏணி பிடிக்கவும் தண்ணீர் இறைக்கவும் நாத்தனார் சித்ராவும் வந்தாள்.

பண்ணை சூப்பர்வைசர் முருகானந்தம் கெட்ட மனுஷன் இல்லை. "சித்திர ஒண்ணாந்தேதி வரைக்கும் உன்ற எடத்துக்கு ஆள் போடாம வெச்சிருக்கறேன். சரிப்படலீன்னா வந்துரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவளும், "சித்திர ஒண்ணுக்கு வாரனுங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். வர வேண்டியிருக்கக் கூடாது என்று ஊர்ப்பட்ட சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டுதான் சொன்னாளாம். ஏன் அப்படி என்று நான் கேட்டேன். "பதனோரு வருசம் தேச்சங்ணா. ஒரு தொட்டியிலயாச்சும் நான் தேச்சதுன்னு யாருக்காச்சும் தெரியுமா? என்ற வேலைக்கு ஒரு பேரு இருக்கோணுங்ணா, அவ்வளவுதான்" என்றாள்.

அந்தப் பேரைத்தான் நான் கெடுத்தேன்.

அவள் கணவன் தனசேகர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். மத்தியப் பிரதேசத்தில் எங்கோ காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தவன், போனிலேயே பேரைச் சொல்லிவிட்டான். இரண்டு வருஷம் முன்னால் ரிக்கில் கம்பி அறுந்து தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தபோது குலசாமி கருப்பண்ணன்தான் காப்பாற்றினார், அதனால் எங்கள் வீட்டில் எந்தத் தொழில் தொடங்கினாலும் சாமி பேரில்தான் என்று நேர்ந்துகொண்டிருக்கிறான். சரி, சாமி பேர் ஆனது. அதன் பின்னால் வெறுமனே விட என் கை சும்மா இருக்குமா? 'ஸ்ரீ கருப்பண்ணசாமி துணை, ஸ்ரீ கருப்பண்ணசாமி கிளீனிங் ஒர்க்ஸ் அண்ட் சர்வீஸஸ்' என்று போட்டேன். கார்டின் பாதி முழுக்க அருவாளும் மீசையுமாகச் சாமி படம். ஒரு மூலையில் பிள்ளையார். மீதி இடத்தில் எல்லா வகையான சுத்தம் செய்யும் பணிகளும் குறித்த நேரத்தில் தரமாகச் செய்து தரப்படும் என்று ஒரு வரி. தண்ணீர்த் தொட்டி என்ற வார்த்தை எங்கே இருந்தது என்று கேட்டால், பின்பக்கம் ஒன்பது வேலைகளில் ஆறாவதாக இருந்தது. மூன்று போன் நம்பர். தங்கக் கலர் பார்டர். அடித்து முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆயிரம் கார்டு. ரஞ்சிதாவும் சித்ராவும் மாசி மாதம் முழுக்க வெயிலில் தெருத்தெருவாக வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஒரு போன் வரவில்லை. ஏழு வீட்டுக்காரர்களும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் எட்டாவது வீடு முளைக்கவே இல்லை.

பங்குனி முதல் வாரம் கடைக்கு வந்து நின்றாள். "அண்ணா, நெம்பரு சரியா அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். சுருக்கென்றது. கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து அவள் முன்னாலேயே மூன்று நம்பருக்கும் அடித்துக் காட்டினேன். மூன்றும் மணியடித்தன. "நெம்பரெல்லாம் சரிதான் அம்மிணி. ஊருக்குள்ள கொஞ்சம் பொறுத்துத்தான் பரவும்" என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லி அனுப்பினேன். அவளுக்குப் பொறுக்க நாள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் மொபட்டை என் கடை வாசலில் ஸ்டாண்டு போடாமலே சாய்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அண்ணா, கண்டுபுடிச்சுட்டங்ணா. கார்டெல்லாம் எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சுட்டேன்."

"எங்க இருக்குது?"

"சாமி ரூமுலீங்ணா."

நடந்தது இதுதான். அவள் கழுவிய ஏழு வீடுகளில் ஒன்று பிரவீனா என்கிற டீச்சர் வீடு. அங்கே ஏதோ கேட்கப் போனபோது, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவே அவளுடைய விசிட்டிங் கார்டு நின்றுகொண்டிருந்திருக்கிறது. குங்குமப் பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூ. கேட்டால் டீச்சர், "சாமி படம் போட்டிருக்குது, கண்ட எடத்துல போட மனசு வருமா? அதான் வெச்சுட்டேன்" என்றாராம். "அது என்ற கார்டுங்க" என்றதும், டீச்சர் கையில் எடுத்து முதன்முறையாகப் படித்துவிட்டு, "அட, இது உம்படதா?" என்று ஆச்சரியப்பட்டாராம். ரஞ்சிதா விடவில்லை. அடுத்தடுத்து கார்டு கொடுத்த வீடுகளில் ஏதாவது சாக்குச் சொல்லி எட்டிப் பார்த்திருக்கிறாள். நாலு வீட்டில் பூஜை அறை. ஒரு வீட்டில் பீரோக் கதவின் உள்பக்கம், திருநீறு பூசி. ஒரு வீட்டில் நாள் கிழமைக்கு ஆற்றில் விடுவதற்காகப் பழைய சாமி படங்களோடு கட்டி வைத்திருந்தார்கள்.

நான் நம்பவில்லை. மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவன், கையைக் கழுவாமல் நேராகச் சாமி அலமாரிக்குப் போனேன். சாம்பிளுக்கு நான் வீட்டுக்குக் கொண்டுபோன கார்டு அங்கே இருந்தது. பொட்டு வைத்துத்தான் இருந்தது. என் மனைவி சௌந்திரத்திடம், "இது என்ன கார்டுன்னு தெரியுமா?" என்றேன். "கருப்பண்ணன் கோயில்ல கும்பாபிசேகம்ங்களா?" என்றாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் கடையைப் பாதி சாத்திவிட்டு ரஞ்சிதாவும் நானும் உட்கார்ந்தோம். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ துள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூட நோட்டை விரித்தாள். கழுவிய ஏழு வீட்டுக்கும் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: "என்னைப் பத்திப் பக்கத்து ஊட்டுல சொல்லோணும்னா என்னன்னு சொல்லுவீங்க?" பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்திருந்தாள். கருப்பண்ணசாமி கிளீனிங் ஒர்க்ஸ் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் கோழிப்பண்ணைப் புள்ள என்றார். ஒருவர் சும்மா தொட்டி கழுவுற பொண்ணு என்றார். மற்ற ஐந்து பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ரோஸ் வாளி கொண்டு வருமே அந்தப் புள்ள என்று சொல்லியிருந்தார்கள். பண்ணைப் பழக்கம் விடாமல் அவள் புதிதாக வாங்கியதும் ரோஸ் வாளிதான். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் வாளியைக் காட்டி, "இது குடிதண்ணித் தொட்டிக்கு மட்டுந்தானுங்க, பாத்ரூமுக்கு, தரைக்கு எல்லாம் போகாதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறுவாளாம். அது அவர்கள் மனதில் நின்றிருக்கிறது.

"அண்ணா, பேரு நாம வெக்க வேண்டியதே இல்லீங்ணா. அவிங்க வெச்சுட்டாங்க. ரோஸ் வாளி."

எனக்கு ஏறவில்லை. இத்தனை வருஷத்தில் வாளி என்று ஒரு போர்டு நான் எழுதியதில்லை. "ஒரு கவுரவம் வேண்டாமா? அக்வா ப்யூர் சொல்யூசன்ஸ்னு வெப்போம், இங்கிலீசுல" என்றேன்.

"சரிங்ணா, அத நீங்க ஒருக்கா டீக்கடை ராசண்ணங்கிட்டச் சொல்லுங்க. நான் ரோஸ் வாளின்னு சொல்றேன். நாளைக்குச் சாயங்காலம் ரெண்டையும் கேப்போம்."

எதிர் டீக்கடை ராசுவிடம் இருவரும் போய் ஆளுக்கு ஒருதரம் சொன்னோம். மறுநாள் சாயங்காலம் ராசு என் பேரை அக்குவா, பேருவா என்று இழுத்துவிட்டு அப்படியே நிறுத்தினான். ரஞ்சிதாவின் பேரைச் சொன்னதோடு நில்லாமல், "எங்க அண்ணன் ஊட்டுத் தொட்டியும் நாத்தமடிக்குது, அந்த ரோஸ் வாளிக்காரங்கள வரச்சொல்லுங்க" என்றான். உடனே கடைக்கு ஓடினேன். என் கம்ப்யூட்டரில் கருப்பண்ணசாமி என்று தேடிப் பார்த்தேன். டயர் ரீட்ரேடிங், பைனான்ஸ், முறுக்குக் கம்பெனி, தார்ப்பாய் கடை என்று பதினோரு கார்டு நானே அடித்திருக்கிறேன். நாமக்கல்லில் ரோஸ் வாளி என்று எதுவும் இல்லை. இன்டர்நெட்டிலும் தேடினேன், இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அரசாங்கத்தின் சிறுதொழில் பதிவிலும் அந்தப் பேரையே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அப்புறம் எங்கள் இருவரையும் பிடித்த பிசாசு வேறு யாரையும் பிடித்திருக்காது. நான் சேர்க்க, அவள் வெட்ட, நான் சேர்க்க, அவள் வெட்ட. மூன்று நம்பரை ஒன்றாக்கினாள். அதுவும் வீட்டு நம்பர் இல்லை, தொழிலுக்கென்றே ஒரு புது சிம். பின்பக்கத்து ஒன்பது வேலையும் போனது. கோழி கூடக் குடிக்காத தண்ணீரை நீங்கள் குடிக்கலாமா என்று ஒரு வாசகம் எழுதி நானே சிரித்துக்கொண்டிருந்தேன். "காசு குடுக்கறவங்கள வைதுட்டுக் கதவத் தட்ட முடியுமாங்ணா?" என்று அதையும் அடித்தாள். கடைசியில் மிஞ்சியது ஒரு ரோஸ் வாளிப் படம், அதன் கீழே ரோஸ் வாளி, அதன் கீழே குடிதண்ணீர்த் தொட்டி கழுவுவோம், ஒரு நம்பர். அவ்வளவுதான்.

"கார்டே வேண்டாங்ணா, ஸ்டிக்கர் போடுங்க" என்றாள். எங்கே ஒட்டுவது என்றேன். "மோட்டார் சுச்சுக்குப் பக்கத்துலீங்ணா. தெனமும் காலையில தண்ணி ஏத்த எல்லாரும் அதத்தான தொடறாங்க. தொட்டிய நெனைக்கற ஒரே நேரம் அதுதான்." ஸ்டிக்கரின் அடியில் கழுவிய தேதி, அடுத்துக் கழுவ வேண்டிய தேதி என்று இரண்டு காலி கட்டம். பண்ணைத் தொட்டி மேல் எழுதிய தேதிதான், இப்போது கீழே இறங்கி வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த யோசனை எனக்கு வந்ததில்லை என்று நினைத்தபோது கொஞ்சம் எரிச்சலாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கும்? பெரும்பாலும் வீட்டின் பின்பக்கம், பாத்ரூமை ஒட்டி, செருப்பு கழற்றும் இடத்தில். அங்கே சாமி படத்தையோ சாமி பேரையோ ஒட்ட முடியாது. ஒட்டினாலும் வீட்டுக்காரர்கள் கிழித்துப் பூஜை அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாமி பேர் போயே ஆகவேண்டும். அந்த நேரம் பார்த்து, பங்குனித் திருவிழாவுக்குத் தனசேகர் ஊருக்கு வந்து சேர்ந்தான்.

என் கடையில்தான் சண்டை நடந்தது. சண்டை என்றால் கத்தல் இல்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். "சாமி பேருல நேர்ந்தது ரஞ்சிதா. நீ எடுத்துப்போட்டுட்டு, நாளைக்கு ஏணியில இருந்து வழுக்குனீன்னா நான் யாரப் போயிக் கேக்கறது?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்குப் பிடிவாதம் இல்லை, பயம்தான். இதில் நான் என்ன சொல்வது? முதலில் அந்தக் கார்டை அடித்தவன் நான்.

கடைசியில் அவனே சொன்னான்: "பூப்போட்டுக் கேட்டுப் பாத்தர்லாம். சாமி சரின்னா சரி."

மறுநாள் காலை என் பழைய ஆம்னி வேனில் மூன்று பேரும் கிளம்பினோம். குலசாமி கோயில் மோகனூர் போகிற வழியில் உள்ளடங்கிய காட்டில் இருக்கிறது. பூசாரி வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் எடுத்து, தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, சாமி காலடியில் போட்டார். தனசேகர் கும்பிட்டுக் கேட்டான்: "சாமி பேர எடுத்தர்லாமுன்னா வெள்ளை வரட்டும், வேண்டாமுன்னா செவப்பு வரட்டும்." பொங்கல் வைக்க வந்த குடும்பத்தில் ஒரு பாப்பாவைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார் பூசாரி. அது எடுத்துக் கொடுத்தது. பிரித்தார். சிவப்பு.

ரஞ்சிதா கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டாள். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாமல் சாமி மேலேயே வந்தது. வேனில் ஏறியபின் அவள் மெதுவாக, "சித்திர ஒண்ணுக்குப் பதினஞ்சு நாளு இருக்குது" என்று மட்டும் சொன்னாள். கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். கேட்கவே முடியவில்லை.

நாமக்கல் நெருங்கும்போது எங்களுக்கு முன்னால் ஒரு டாரஸ் லாரி. ரோடு குறுகல், முந்த வழியில்லை. பத்து நிமிஷம் அதன் முதுகையே பார்த்துக்கொண்டு போனோம். தனசேகர் திடீரென்று என் தோளைத் தட்டி, "அண்ணா, அந்த வண்டிப் பின்னால என்ன எழுதியிருக்குது, படிங்க" என்றான்.

"ஹாரன் அடி. வண்டி நெம்பரு. ட்ரான்ஸ்போர்ட் பேரு, போன் நெம்பரு."

"சாமி இருக்குதுங்களா?"

"இல்ல."

"உள்ள இருக்குமுங்க. டிரைவரு கண்ணுக்கு நேரா, கண்ணாடிக்கு மேல. பூவெல்லாம் போட்டு. எங்க ரிக் வண்டியிலயும் கருப்பண்ணன் அங்கதானுங்க இருக்காரு. பின்னால வாரவனுக்கு எதுக்குங்க எங்க சாமி? அவனுக்கு ஹாரன் அடிக்கோணும்னு தெரிஞ்சாப் போதும். சாமி வண்டி ஓட்டறவனுக்கு." அவன் சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். குரல் உயர்ந்தது. "பேர எடுத்தர்லாமான்னு கேட்டோம், வேண்டாமுன்னு சொல்லீருச்சு. எங்க வெக்கோணும்னு நாம கேக்கவே இல்லீங்களே. ரஞ்சிதா, உன்ற மொபட்ல ஹேண்டில்பாருக்கு நடுவுல, உன்ற கண்ணுக்கு நேரா கருப்பண்ணசாமி துணைன்னு எழுதிக்கலாம். ஏணி தூக்கறப்பவும் முன்னால அவருதான் இருப்பாரு. ஊட்டுக்காரங்களுக்கு ரோஸ் வாளி போதும்."

நான் வேனை ஓரம் கட்டிவிட்டேன். இல்லாவிட்டால் லாரியில் மோதியிருப்பேன். ரஞ்சிதா பின்சீட்டில் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. "வண்டியத் திருப்புங்ணா" என்றாள். திரும்பவும் கோயிலுக்குப் போனோம். அதே இலை, அதே அரளி, அதே பாப்பா. இந்த முறை கேள்வி வேறு: சாமி பேர் மொபட்டில் எங்கள் கண் முன்னால், வெளியே ரோஸ் வாளி, சம்மதமா? பாப்பா ஒரு இலையைத் தொட்டுவிட்டு அதை விட்டு அடுத்ததை எடுத்தபோது, நான் சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். பூசாரி பிரித்தார். வெள்ளை அரளி.

அன்று மதியமே அடித்தேன். முந்நூறு ஸ்டிக்கர், தண்ணீர் பட்டாலும் உரியாத தாளில். மொபட் ஹேண்டிலுக்கு ஒன்று மட்டும் தனியாக, சின்ன எழுத்தில், தங்கக் கலர் பார்டரோடு. அந்த பார்டர் எனக்காக அவள் விட்டுக்கொடுத்தது. ரஞ்சிதாவும் சித்ராவும் ரோஸ் நிறத்திலேயே மேல்கோட்டு தைத்துக்கொண்டார்கள். காசு வாங்கும் ஸ்கேன் அட்டையில் முன்பெல்லாம் தனசேகர் பேர் வரும். அனுப்புகிறவர்கள் யார் இந்தத் தனசேகர் என்று ஒரு நிமிஷம் தயங்குவார்கள். அதையும் கடைக்காரர்களுக்கான கணக்காக மாற்றி, ரோஸ் வாளி என்று வரும்படி செய்தோம். வாளி, கோட்டு, ஸ்டிக்கர், போன் எல்லாம் ஒரே பேர், ஒரே நிறம்.

முதலில் ஏழு வீட்டு மோட்டார் சுவிட்ச் பக்கத்திலும் ஒட்டினாள், பழைய தேதியை உள்ளபடி எழுதி. ஒரு வாரம் ஒன்றும் இல்லை. நான் அவளை விட அதிகம் தவித்தேன். டீக்கடை ராசுவின் அண்ணன் வீடு முடிந்தது. அடுத்த நாள் பிரவீனா டீச்சர் வீட்டில் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், ஸ்டிக்கரைப் பார்த்துத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அப்புறம் இரண்டு வீடு. வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் பண்ணை வேலையை முழுதாக உதற இது போதுமா என்று அவளுக்கே தெரியவில்லை. தனசேகர் மறுபடி ரிக்குக்குக் கிளம்பும்போது, "முடிவு நீயே எடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பங்குனி கடைசி நாள். சாயங்காலம் இன்னும் நூறு ஸ்டிக்கர் வாங்க என் கடைக்கு வந்திருந்தாள். தேதிக் கட்டத்தில் பேனா மை அழிகிறது, வேறு தாள் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையில் ஸ்டிக்கர் பிசின், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க, ரோஸ் வாளிங்களா?" என்றது ஓர் ஆண் குரல்.

ரஞ்சிதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. எனக்குக் காரணம் தெரியவில்லை. குரலை மட்டும் மாற்றாமல், "ஆமாங்க, ரோஸ் வாளிதானுங்க. சொல்லுங்க" என்றாள்.

"எங்க மொதலாளி ஊட்டு மொட்டை மாடியில ரெண்டு தொட்டி இருக்குதுங்க. பக்கத்துல டீச்சரம்மா ஊட்ல உங்க ஸ்டிக்கரப் பாத்துட்டு, அம்மா உங்களையே கூப்பிடச் சொன்னாங்க. பண்ணையிலயும் எட்டுத் தொட்டி இருக்குது. நல்லாச் செஞ்சீங்கன்னா அதையும் மாசாமாசம் உங்களுக்கே குடுத்தர்லாம். மின்ன இதுக்கு ஒரு புள்ள இருந்துச்சுங்க, நின்னு போச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரஞ்சிதா நிதானமாகக் கேட்டாள். எத்தனை லிட்டர் தொட்டி, கடைசியாக எப்போது கழுவியது, மாடிக்குப் படியா ஏணியா, கழுவும் நேரம் குடிக்க வேறு தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்களா. எல்லாவற்றையும் ஒரு ஸ்டிக்கரின் பின்னால் குறித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர முடியுங்களா? உங்க பேரு என்னங்க?"

"ரஞ்சிதாங்க."

"எந்த ரஞ்சிதா?" என்றார் பண்ணை சூப்பர்வைசர் முருகானந்தம்.

"பதனோரு வருசம் உங்ககிட்ட இருந்த ரஞ்சிதாதானுங்க. சித்திர ஒண்ணுக்கு வாரேன்னு சொல்லியிருந்தனே. நாளைக்கு வாரனுங்க."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். "அட புள்ள, நீதானா? சரி, சரி. வா. பிரஷு, வாளியெல்லாம் ஸ்டோர்ல இருக்குது, நீ வெறுங்கைய வீசிட்டு வந்தாப் போதும்."

"வேண்டாமுங்க," என்றாள் ரஞ்சிதா. "என்ற வாளியே இருக்குதுங்க."

போனை வைத்துவிட்டு, ஸ்டிக்கரின் முன்பக்கத்தைத் திருப்பி, கழுவிய தேதிக் கட்டத்தில் சித்திரை ஒன்று என்று எழுதி என்னிடம் காட்டினாள். இந்தப் பேனா மையும் அழிந்தது. வேறு தாள் தேட நான் உள்ளே போனேன்.